கலாங் தாண்டினதும் ஸ்கிரீன் ஏன் மூச்சு விடுது: பேட்டரியில ஓடுற லேப்டாப்ல மூணு பேர் போடுற சண்டை

நான் சிங்கப்பூர்ல சிமேயில இருக்கேன், ஆபீஸ் புவனவிஸ்தா பக்கம். காலையில எம்ஆர்டியில உக்கார இடம் கிடைச்சா லேப்டாப்பை மடியில வச்சு நாப்பது நிமிஷம் வேலை பாப்பேன், சில நாள் நின்னுக்கிட்டே போனதுதான் மிச்சம், அது வேற கதை. கிழக்கு மேற்கு லைன்ல போறவங்களுக்குத் தெரியும், கலாங் வரைக்கும் ரயில் மேல ஓடும், லவெண்டர்ல இருந்து தியோங் பாரு வரைக்கும் பாதாளம், ரெட்ஹில்ல மறுபடி வெளிச்சத்துக்கு வந்துரும். அதனால ஒரே பயணத்துல வெளிச்சம் ரெண்டு தடவை தலைகீழா மாறும். மேல ஓடும்போதும் சும்மா இல்ல, எச்டிபி ப்ளாக் நிழல், வெயில், நிழல், வெயில்னு ஜன்னல் வழியா அடிச்சுக்கிட்டே இருக்கும்.

புது லேப்டாப் வாங்கி ரெண்டு வாரத்துல ஒரு எரிச்சல் ஆரம்பிச்சுது. ஸ்கிரீன் மூச்சு விடுற மாதிரி இருக்கும். கறுப்பு டெர்மினல்ல இருந்து வெள்ளை டாகுமெண்டுக்கு மாறினா ஒரு ரெண்டு செகண்ட் கழிச்சு வெளிச்சம் மெதுவா ஏறும், திரும்ப வந்தா மெதுவா இறங்கும். நான் நேரா சென்சர் மேலதான் பழியைப் போட்டேன். ரயில்ல வெளிச்சம் மாறுது, சென்சர் பாவம் அலையுது, அவ்வளவுதானேன்னு ஆட்டோ பிரைட்னஸை அணைச்சேன். அடுத்த நாளும் மூச்சு விட்டுச்சு. டனல் உள்ள, வெளிச்சம் அசையாத இடத்துலயே!

அங்கதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, பேட்டரியில ஓடும்போது ஸ்கிரீனைத் தொடுறது ஒரு ஆள் இல்ல. சென்சர் ஒரு பக்கம், ஸ்கிரீன்ல என்ன படம் ஓடுதுன்னு பாத்து பேக்லைட்டைக் குறைக்கிற பேனல் பவர் சேவிங் ஒரு பக்கம், ரிஃப்ரெஷ் ரேட்டை மாத்திக்கிட்டே இருக்குற விஆர்ஆர் இன்னொரு பக்கம். மூணும் தனித்தனியா நல்ல பிள்ளைங்கதான், ஒரே வீட்டுல விட்டா ஒண்ணு மிச்சம் பிடிச்சதை இன்னொண்ணு செலவழிச்சுரும். இந்தப் பதிவு அதைப் பத்திதான். என் லேப்டாப் 14 இஞ்ச், ஐபிஎஸ் பேனல், 120 ஹெர்ட்ஸ், ஏஎம்டி சிப், லினக்ஸ்ல கேடிஇ பிளாஸ்மா. அண்ணி வச்சிருக்குறது இண்டெல் சிப், விண்டோஸ் 11. அதுலயும் இதே வியாதி, பேர்தான் வேற, கடைசியில வரேன்.

முதல்ல யாரு குற்றவாளின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லிடறேன், ஏன்னா நெட்ல எல்லாரும் "அதை ஆஃப் பண்ணு, இதை ஆஃப் பண்ணு"ன்னுதான் சொல்றாங்க, எதுக்குன்னு சொல்றதில்ல. லினக்ஸ்ல பேக்லைட்டுக்கு ஒரு ஃபைல் இருக்கு, அதுல நாம கேட்ட அளவு எண்ணா நிக்கும். சென்சர் வெளிச்சத்தை மாத்துச்சுன்னா அது டெஸ்க்டாப் வழியா வந்து அந்த எண்ணை மாத்தித்தான் ஆகணும், ஸ்லைடரும் கூடவே நகரும். பேனல் பவர் சேவிங் அப்படி இல்ல, அது கிராபிக்ஸ் டிரைவருக்குக் கீழ நடக்குற வேலை, நாம கேட்ட எண் அப்படியே நிக்கும், கண்ணுக்கு மட்டும் மங்கும். அதனால ஒரு ஜன்னல்ல இதை ஓடவிட்டேன்:

```
watch -n 1 cat /sys/class/backlight/*/brightness
```

இன்னொரு ஜன்னல்ல `monitor-sensor` ஓடவிட்டா சென்சர் என்ன லக்ஸ் பாக்குதுன்னு வந்துக்கிட்டே இருக்கும். இப்ப கறுப்பு டெர்மினல், வெள்ளை டாகுமெண்ட், ரெண்டுக்கும் நடுவுல மாறி மாறிப் போனேன். எண் ஆடவே இல்ல, வெளிச்சம் ஆடுது. ஆக சென்சர் நிரபராதி.

கண்ணை நம்ப முடியலன்னா, ஏன்னா கறுப்பு பாத்துட்டு வெள்ளை பாத்தா கண்ணே கொஞ்சம் ஏமாத்தும், ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ஸ்கிரீன் மூலையில ஒரு சாம்பல் நிறக் கட்டத்தை எப்பவும் மேல நிக்கிற மாதிரி வச்சுக்கங்க, போன் கேமராவுல எக்ஸ்போஷரை லாக் பண்ணி அந்தக் கட்டத்தை வீடியோ எடுங்க, அதைச் சுத்தி இருக்குற ஜன்னலை மட்டும் கறுப்பு, வெள்ளைன்னு மாத்துங்க. கட்டத்தோட நிறம் மாறவே கூடாது. மாறுச்சுன்னா பேனல் பவர் சேவிங் வேலை பண்ணுதுன்னு அர்த்தம். இதுக்கு லினக்ஸ் வேணும்னு இல்ல, எந்த லேப்டாப்புலயும் செய்யலாம்.

அது என்னதான் பண்ணுது? எல்சிடி பேனல்ல வெளிச்சம் எல்லாம் பின்னாடி இருக்குற எல்இடி பேக்லைட்ல இருந்து வருது, முன்னாடி இருக்குற பிக்சல் அதை மறைக்கிற ஜன்னல் கதவு மாதிரி. படம் பெரும்பாலும் இருட்டா இருந்தா கதவெல்லாம் பாதி மூடியே இருக்கும், பின்னாடி விளக்கு முழுசா எரியுறது தண்டம். அதனால விளக்கைக் கொஞ்சம் குறைச்சுட்டு, கதவைக் கொஞ்சம் அதிகமா திறந்துவிட்டா கண்ணுக்கு ஏறக்குறைய அதே படம், கரண்ட் கம்மி. ஏஎம்டியில இதுக்குப் பேர் ஏபிஎம், விண்டோஸ்ல அதே ஏஎம்டிக்கு வேரி-பிரைட்னு வரும், இண்டெல்ல டிபிஎஸ்டி. ஐடியா அருமை. ஆனா கதவு ஏற்கனவே முழுசா திறந்திருந்தா, அதாவது வெள்ளைப் பக்கம்னா, இன்னும் திறக்க இடமே இல்ல. அப்ப ஒண்ணு விளக்கைக் குறைக்காம விடணும், இல்ல வெள்ளையைப் பழுப்பாக்கி விடணும், பிரகாசமான இடத்துல விவரம் எல்லாம் ஒண்ணா கரைஞ்சு போகும். எவ்வளவு கரைக்கலாம்ங்கிறதுதான் லெவல்.

ஏஎம்டி லினக்ஸ்ல அந்த லெவல் 0 முதல் 4 வரை, 0 ன்னா ஆஃப். பாருங்க:

```
cat /sys/class/drm/card*-eDP-1/amdgpu/panel_power_savings
```

எனக்கு 3 ன்னு வந்துச்சு. நான் எப்பவும் வைக்கல! யாரு வச்சான்னு தேடினா `power-profiles-daemon`, பின்னணியில ஓடிக்கிட்டு பவர் ப்ரொஃபைலைப் பாத்துக்குற டீமன். 2024 ல வந்த 0.20 வெர்ஷன்ல இருந்து அது இந்த லெவலையும் கையில எடுத்துக்குச்சு, நான் பேட்டரிக்கு மாறினதும் பவர் சேவர் ப்ரொஃபைல் போடுவேன், அது கூடவே இதையும் ஏத்திருச்சு. சார்ஜர் குத்தினா 0, பிடுங்கினா 3. "சார்ஜ்ல இருந்தா கலர் நல்லா இருக்கு, பேட்டரியில வெளிறிப் போகுது"ன்னு யாராவது சொன்னா முதல்ல இங்கதான் பாக்கணும்.

சரி, மங்கினா மங்கட்டும், பேட்டரி மிச்சமாகுதுல்லன்னு நீங்க கேக்கலாம், நானும் கேட்டேன். அளந்து பாத்தப்புறம்தான் மனசு மாறுச்சு.

அளக்குறதுல ஒரு கவனம், `power_now` ஃபைல்ல வர்ற எண் அந்த நேரத்து எண், குதிச்சுக்கிட்டே இருக்கும், அதைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. நான் சனிக்கிழமை வீட்டுல உக்காந்து, ஒவ்வொரு செட்டிங்குக்கும் இருபது நிமிஷம் விட்டு, ஆரம்பத்துல ஒருதரம் கடைசியில ஒருதரம் `/sys/class/power_supply/BAT0/energy_now` பாத்து, கழிச்சு, மூணால பெருக்கினேன். அது மைக்ரோ வாட் அவர்ல வரும், பத்து லட்சத்தால வகுத்தா வாட் அவர். சில மெஷின்ல `energy_now` இருக்காது, `charge_now` தான் இருக்கும், அப்ப வோல்டேஜால பெருக்கணும். வைஃபை ஆன், ஒரே டெக்ஸ்ட் பக்கம், கை வைக்கல. அம்மா வந்து "என்னடா கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு தியானமா"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

முதல்ல ஏபிஎம் 0, ரிஃப்ரெஷ் 60 ல நிறுத்திட்டு பிரைட்னஸ் மட்டும் மாத்தினேன். 100 ல 8.3 வாட், 50 ல 5.9, 30 ல 4.9. பாத்தீங்களா, நேர்கோடு. ஸ்லைடர்ல ஒவ்வொரு பத்துக்கும் ஏறக்குறைய அரை வாட். ஆனா கண்ணு நேர்கோடு இல்ல, 30 க்கும் 50 க்கும் நல்ல வித்தியாசம் தெரியும், 80 க்கும் 100 க்கும் ஒரு அறையில உக்காந்து பாத்தா பெருசா தெரியவே தெரியாது, கரண்ட் மட்டும் ஒரு வாட் போயிரும். மேல் பக்கத்துல பத்து குறைக்கிறது வலிக்காத மிச்சம், இதை ஞாபகம் வச்சுக்கங்க.

இப்ப பிரைட்னஸ் 50 ல நிறுத்திட்டு ஏபிஎம் 3. வெள்ளை டெக்ஸ்ட் பக்கத்துல 5.9 வாட் 5.5 ஆச்சு. 0.4 வாட் மிச்சம். கறுப்பு டெர்மினல்ல இன்னும் நல்லா பிடிச்சுது, 0.9. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல இருக்குற நேர்கோட்டை வச்சுப் பாருங்க, 0.4 வாட்ங்கிறது ஸ்லைடரை 50 ல இருந்து 42 க்கு இறக்கினாலே வந்துரும், மூச்சு விடாம, கலர் கெடாம. அதைவிடக் கொடுமை என்னன்னா, ஏபிஎம் 3 போட்டு ஸ்கிரீன் மங்கலா தெரியுறதால நான் தெரியாமலே ஸ்லைடரை 65 க்கு ஏத்தி வச்சிருந்தேன். பதினஞ்சு ஏத்தினா 0.7 வாட் செலவு, ஏபிஎம் மிச்சம் பிடிச்சது 0.4. ஒரு கையால வாங்கி இன்னொரு கையால கூடவே போட்டுக் குடுத்த கதை.

அதுக்காக ஏபிஎம் வேஸ்ட்னு சொல்லல. லெவல் 1 ல என் கண்ணுக்கு மூச்சு விடுறதே தெரியல, 0.2 வாட் போல சும்மா கிடைக்குது. நாள் பூரா கறுப்பு எடிட்டர்லயே இருக்குறவங்களுக்கு 2 கூட ஓகே. போட்டோ, ஸ்லைடு, வீடியோ எடிட் பண்றவங்க 0 தான், பேச்சே இல்ல, ஏன்னா நீங்க பாக்குற கலர் பக்கத்துல என்ன ஜன்னல் திறந்திருக்குங்கிறதைப் பொறுத்து மாறும். டீமனை இதுல கை வைக்காம இருக்கச் சொல்லணும், அதோட புது வெர்ஷன்ல இது இருக்கு:

```
powerprofilesctl configure-action amdgpu_panel_power --disable
echo 1 | sudo tee /sys/class/drm/card*-eDP-1/amdgpu/panel_power_savings
```

முதல் வரி இல்லாம ரெண்டாவதை மட்டும் போட்டா அடுத்த தடவை சார்ஜர் பிடுங்கும்போது டீமன் வந்து மறுபடி மாத்திரும், நான் மூணு நாள் அதுல முழிச்சேன். ரெண்டாவது வரி ரீபூட் பண்ணா போயிரும், அதை ஸ்டார்ட்அப்ல போட்டுக்கணும்.

மூச்சு நின்னுச்சு. ஆனா வேற ஒண்ணு கிளம்புச்சு.

ஏபிஎம்ல விட்டதை வேற இடத்துல பிடிக்கலாமேன்னு யோசிச்சு, டிஸ்ப்ளே செட்டிங்ல அடாப்டிவ் சிங்க்கை, அதாவது விஆர்ஆரை, "எப்போதும்"னு வச்சேன். என் கணக்கு இதுதான்: 120 ஹெர்ட்ஸ் பேனல், ஸ்கிரீன்ல ஒண்ணும் அசையலன்னா விஆர்ஆர் தானே ரேட்டை இறக்கிரும், கரண்ட் மிச்சம். லாஜிக் சரியாத்தான் இருந்துச்சு. அளந்தா 6.9 வாட்! அதே பிரைட்னஸ் 50, ஏபிஎம் 0, விஆர்ஆர் இல்லாம 120 ல நிறுத்தினா 6.4, 60 ல நிறுத்தினா 5.9. மிச்சம் பிடிக்க வந்தவன் 60 ஓட ஒப்பிட்டா ஒரு வாட் கூடத் தின்னுட்டான்.

ஆபீஸ்ல ஒரு அண்ணன், டிஸ்ப்ளே டிரைவர் வேலையில பத்து வருஷம் இருந்தவர், மதியம் கொபிதியாம்ல கோப்பி ஓ கோசோங் குடிச்சுக்கிட்டே இதைக் கேட்டுட்டுச் சிரிச்சார்.

"தம்பி, நீ பிஎஸ்ஆரை கொன்னுட்ட லா."

"அது யாருண்ணே?"

"பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ். பேனல்குள்ளயே சின்னதா ஒரு மெமரி இருக்கு. படம் அசையலன்னு தெரிஞ்சா ஜிபியு அனுப்புறதை நிறுத்திரும், பேனல் தன் மெமரியில இருந்தே காட்டிக்கும். ஜிபியு, கேபிள், ரேம்ல இருந்து எடுக்குறது, எல்லாம் தூங்கும். நீ விஆர்ஆர் போட்டா யாரு எப்ப அடுத்த ஃப்ரேம் அனுப்பப் போறாங்கன்னு பேனல் காத்துக்கிட்டே இருக்கணும், எப்படித் தூங்கும்?"

அவர் சொன்னதை நான் அப்புறம் தோண்டிப் பாத்தேன். பிஎஸ்ஆர் 2011 ல வந்த ஈடிபி 1.3 ல சேத்தது, லேப்டாப் உள்ள போர்டுக்கும் பேனலுக்கும் நடுவுல இருக்குற வயர் பேசுற பாஷைதான் ஈடிபி. லினக்ஸ்ல இண்டெல் டிரைவர் சோர்ஸ்ல பாத்தா, விஆர்ஆர் ஆன்ல இருந்தா பிஎஸ்ஆரைப் போடாம திரும்பிரும், ரெண்டும் ஒண்ணா நம்பகமா ஓடலன்னு பக்கத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. என்னோடது ஏஎம்டி, அங்க சோர்ஸை முழுசா படிக்கலை, ஆனா என் அளவுல அதே கதைதான்.

இன்னொண்ணும் இருக்கு, விஆர்ஆர் இறங்குறது பூஜ்யம் வரைக்கும் இல்ல. பேனலுக்கு ஒரு அடி எல்லை உண்டு:

```
sudo sh -c 'cat /sys/kernel/debug/dri/*/eDP-1/vrr_range'
```

எனக்கு 48 முதல் 120. அதாவது நான் அசையாத ஒரு பக்கத்தைப் படிச்சுக்கிட்டு இருந்தாலும் ஜிபியு செகண்டுக்கு 48 தடவை அதே படத்தை அனுப்பிக்கிட்டே இருக்கு. பிஎஸ்ஆர்னா அனுப்புறதே இல்ல. படிக்கிறது, எழுதுறது, மெயில் பாக்குறது மாதிரி பாதி நேரம் ஸ்கிரீன் அசையாத வேலைக்கு, 60 ல நிறுத்தி பிஎஸ்ஆரைத் தூங்கவிடுறது 48 முதல் 120 வரை ஆடுறதை விட லாபம். பேட்டரியில விஆர்ஆருக்கு அர்த்தம் இருக்குறது கேம்லதான், அங்க எப்படியும் ஒவ்வொரு ஃப்ரேமும் புதுசு, பிஎஸ்ஆர் உள்ள வரவே வராது. ஆனா பேட்டரியில கேம் விளையாடுறவங்க எம்ஆர்டியில எத்தனை பேர், இருக்காங்க, போன்ல.

விஆர்ஆர் "எப்போதும்"ல இருந்தப்ப இன்னொரு தொல்லையும் கவனிச்சேன், இதையும் முதல்ல சென்சர்னே நினைச்சேன். ராத்திரி, ரூம் லைட் கம்மி, அடர் சாம்பல் தீம், மவுசை நகர்த்தினா பின்னணி லேசா நடுங்குது. காரணம் இது: எல்சிடி பிக்சல் ஒவ்வொண்ணும் ஒரு சின்ன மின்னழுத்தத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருக்கு, அடுத்த ரிஃப்ரெஷ் வர்ற வரைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமா கசியும். செகண்டுக்கு 120 தடவை புதுப்பிச்சா கசிய நேரமில்ல, 48 ன்னா ரெண்டரை மடங்கு நேரம் கசியுது, அதனால அதே சாம்பல் நிறம் ரெண்டு ரேட்லயும் ஒரு நூல் வித்தியாசமா தெரியும். ஒரே ரேட்ல நின்னா கண்ணுக்குத் தெரியாது, ரேட் குதிச்சுக்கிட்டே இருந்தா நடுக்கமா தெரியும். ஏபிஎம் மூச்சுக்கும் இதுக்கும் வித்தியாசம் சுலபம். ஏபிஎம் மெதுவா, ஒரு ரெண்டு செகண்ட் எடுத்து ஏறும் இறங்கும், ஜன்னல் மாத்தினா வரும். விஆர்ஆர் நடுக்கம் வேகமா இருக்கும், அடர் சாம்பல்ல மட்டும் தெரியும், ஸ்கிரோல் பண்ணும்போதோ மவுஸ் நகரும்போதோ வரும். ஓஎல்இடிலயும் இந்த நடுக்கம் உண்டு. ஆனா ஓஎல்இடியில பேக்லைட்டே கிடையாது, அதனால மேல சொன்ன விளக்கு, கதவு கதை அங்க பொருந்தாது. அங்க ஒவ்வொரு பிக்சலும் தானே எரியுது, கறுப்பு தீம் போட்டாலே மிச்சம்.

பிஎஸ்ஆர் தூங்கணும்னா இன்னொரு கண்டிஷன், ஸ்கிரீன்ல நிஜமாவே எதுவும் அசையக்கூடாது. டெர்மினல்ல சிமிட்டுற கர்சர், செகண்ட் காட்டுற கடிகாரம், பக்கத்து ஓரத்துல ஆடுற விளம்பரம், இதுல எது ஒண்ணு இருந்தாலும் தூங்கப் போனவனைத் தட்டி எழுப்பிக்கிட்டே இருக்கும். சிமிட்டுற கர்சரை மட்டும் நிறுத்தினதுல எனக்கு 0.3 வாட் கிடைச்சுது, இது ஏபிஎம் 3 வெள்ளைப் பக்கத்துல குடுத்ததுக்குக் கிட்டத்தட்ட சமம், ஒரு டிக் எடுத்ததுக்கு! பிஎஸ்ஆர்லயும் குறை இல்லாம இல்ல. சில பேனல்ல தூங்கி எழும்போது மவுஸ் ஒரு கணம் ஒட்டிக்கும், இல்ல பழைய படம் அரை செகண்ட் நிக்கும். அப்படி வந்தா கெர்னல் பாராமீட்டர்ல அணைச்சுப் பாக்கலாம், இண்டெலுக்கு `i915.enable_psr=0`, ஏஎம்டிக்கு `amdgpu.dcdebugmask=0x10`. அணைச்சதும் சரியாச்சுன்னா பிஎஸ்ஆர்தான் காரணம், ஆனா பேட்டரி விலை குடுக்கணும். எனக்கு அந்தப் பிரச்சினை வரல.

ஆக ரெண்டு பேரை அடக்கியாச்சு, கேடிஇ பவர் செட்டிங்ல பேட்டரிக்கு மாறும்போது ஒரு ஸ்கிரிப்ட் ஓடுற வசதி இருக்கு, அதுல இதைப் போட்டுட்டேன்:

```
#!/bin/sh
kscreen-doctor output.eDP-1.mode.2880x1800@60
kscreen-doctor output.eDP-1.vrrpolicy.never
```

சார்ஜருக்கு மாறும்போது 120 ம் `vrrpolicy.automatic` உம், அந்த ஆட்டோமேட்டிக் கேம் மாதிரி முழு ஸ்கிரீன்ல ஓடுறதுக்கு மட்டும் விஆர்ஆரை எழுப்பும், டெஸ்க்டாப்பைத் தொடாது. மாறும்போது என் ஸ்கிரீன் ஒரு கணம் கறுத்துட்டு வரும், சார்ஜர் பிடுங்கினதும் பக்கத்து ஆள் "கெட்டுப்போச்சா"ன்னு பாப்பாங்க, பழகிருச்சு.

மிச்சம் இருக்குறது சென்சர். பழி போட்டதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு மறுபடி ஆன் பண்ணிப் பாத்தேன். வீட்டுல, ஆபீஸ்ல அருமையா வேலை பண்ணுது, ராத்திரி 20 க்கு அதுவே இறக்கிருது, நான் மறந்துருவேன், அதனால நிஜ மிச்சம். ஆனா வெளியில அதுக்கு ஒரு அடிப்படைக் குறை இருக்கு. சென்சர் இருக்குறது ஸ்கிரீனுக்கு மேல, கேமரா பக்கத்துல, அது பாக்குறது நம்ம முகத்தை, நமக்குப் பின்னாடி இருக்குற வெளிச்சத்தை. நம்ம கண்ணு பாக்குறது லேப்டாப்புக்குப் பின்னாடி இருக்குற வெளிச்சத்தை.

எங்க ப்ளாக் வாய்ட் டெக்ல ஒரு கல் மேசை இருக்கு, சாயங்காலம் காத்து நல்லா வரும். தூண்ல முதுகை சாச்சு வெளிப்பக்கம் பாத்து உக்காந்தா சென்சருக்கு முன்னாடி நிழல், தூண், நான். லக்ஸ் சில நூறுதான் காட்டும், ஸ்கிரீன் மங்கும். என் கண்ணுக்கு எதிர்ல கார் பார்க் வெயில் பளிச்சுன்னு அடிக்குது, அதுக்குப் பழகின கண்ணுக்கு ஸ்கிரீன் குகை மாதிரி தெரியும். அப்படியே எதிர்ப்பக்கம் போய் வெயிலுக்கு முதுகு காட்டி உக்காந்தா லக்ஸ் ஆயிரக்கணக்குல ஏறும், பிரைட்னஸ் 100 க்குப் போகும், ஒரே மேசை, ஒரே நேரம், ஏறக்குறைய மூணு வாட் வித்தியாசம். அதுல வெயில் வேற ஸ்கிரீன்ல பிரதிபலிச்சு ஒண்ணும் படிக்க முடியாது, அந்த 100 ம் வீண். சென்சரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, இடம் மாறி உக்காரணும்.

ரயில்லயும் இதே கதைதான், ஜன்னல் எதிர்வரிசைப் பின்னாடியும் என் பின்னாடியும் இருக்கு, ப்ளாக் நிழல் போகப் போக எண் அலையும். `monitor-sensor` ஓடவிட்டுப் பாத்தேன், அல்ஜுனிட்ல இருந்து கலாங் வர்றதுக்குள்ள லக்ஸ் எத்தனை தடவை குதிச்சுதுன்னு எண்ணுறதை விட்டுட்டேன். இப்ப ரயில் ஏறினா சென்சர் ஆஃப், மேல ஓடும்போது கையால 60, லவெண்டர் வந்ததும் 30. கீபோர்டுல ரெண்டு மூணு தட்டு, அவ்வளவுதான்.

அண்ணி கதைக்கு வரேன். அவங்க டியூஷன் எடுக்குறாங்க, பிள்ளைங்களுக்கு ஸ்லைடு தயார் பண்ணுவாங்க. போன வாரம் கூப்பிட்டாங்க.

"தம்பி, நான் மஞ்சள் போட்டா அது ஒரு நேரம் மஞ்சளா இருக்கு, ஒரு நேரம் கடுகு மாதிரி இருக்கு. ஸ்கிரீன் போச்சா?"

"சார்ஜ் போட்டா எப்படி இருக்கு அண்ணி?"

"அப்ப நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பதிலே போதும். விண்டோஸ் 11 ல Settings, System, Display போய் Brightness ஐ விரிச்சா ரெண்டு தனித்தனி வரி இருக்கும், பல பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்குறாங்க. "Change brightness automatically when lighting changes" சென்சர். "Change brightness based on content" தான் நம்ம மூச்சு விடுற ஆசாமி, அதுல Off, Always, On Battery Only னு மூணு இருக்கும், அவங்களுது பேட்டரியில மட்டும்னு நின்னுச்சு. Off பண்ணேன். சில மெஷின்ல அந்த வரியே வராது, அப்ப கிராபிக்ஸ் சிப்போட சொந்த ஆப்ல பேட்டரிப் பகுதிக்குள்ள தேடணும். எனர்ஜி சேவர் ஆன் ஆனாலும் பிரைட்னஸைத் தனியா இறக்கும், அதுக்கும் ஒரு டிக் உண்டு, மூணையும் கலந்து குழப்பிக்காதீங்க. ரிஃப்ரெஷ் ரேட் அவங்களுது Dynamic ல இருந்துச்சு, அதை விட்டுட்டேன். விண்டோஸ் டைனமிக் சாதாரண நேரம் 60 ல இருந்துட்டு ஸ்கிரோல், பேனா எழுத்துக்கு மட்டும் மேல ஏறும், என் லினக்ஸ் "எப்போதும்" மாதிரி முட்டாள்தனமா ஆடாது. கிராபிக்ஸ் செட்டிங்ல Variable refresh rate னு ஒண்ணு தனியா இருக்கும், அது கேமுக்கு, அதை இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

என் பேட்டரி இப்ப முழுசா ஏறினா 52 வாட் அவர் பிடிக்குது. விஆர்ஆர் எப்போதும் போட்ட 6.9 வாட்ல அது ஏழரை மணி நேரம். 60, பிஎஸ்ஆர், ஏபிஎம் 1 னு வச்ச 5.7 ல ஒன்பது மணி நேரம் சொச்சம். ரெண்டுமே கை வைக்காம ஒரு பக்கத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா வர்ற கணக்கு, பிரவுசர்ல இருபது டேப் திறந்து வச்சா ரெண்டும் இறங்கும், நடுவுல இருக்குற வித்தியாசமும் கொஞ்சம் சுருங்கும். ஏன்னா அப்ப சிபியு பேச ஆரம்பிச்சுரும், ஸ்கிரீன் அசைஞ்சுக்கிட்டே இருந்தா பிஎஸ்ஆரும் தூங்காது.

அண்ணி நேத்து மறுபடி கூப்பிட்டாங்க, மஞ்சள் சரியாயிருச்சாம், ஆனா பேட்டரி முன்ன விட சீக்கிரம் இறங்குதாம். பிரைட்னஸ் எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். முன்னாடி மங்கலா இருந்ததால ஏத்தி வச்ச 90 ஐ இன்னும் இறக்கவே இல்ல.